ஒரே போர் தண்ணீர், இரண்டு மெஷின்கள்

"வீட்ல உப்புத் தண்ணியா? அப்ப டாப் லோடே எடுத்துக்குங்க. ஃப்ரண்ட் லோடு தாங்காது." போர் தண்ணீர் புழங்கும் ஊர்களில் வாஷிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையிலோ, பக்கத்து வீட்டிலோ, சர்வீஸ்காரரிடமோ இந்த அறிவுரையைக் கேட்காமல் வர முடியாது. மேடவாக்கத்தில் இருக்கும் என் சித்தி மகளும் கேட்டிருந்தாள். அவள் குடும்பம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மாடியில் ஓர் ஆசிரியையின் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. இரண்டு வீட்டிலும் பழைய மெஷின் ஒரே பருவத்தில் பழுதாகிவிட்டது. ஒரே போர்வெல், ஒரே மொட்டைமாடி டேங்க், ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த ஒரே அளவு சர்வீஸ் ஏரியா. ஆகவே இரண்டு பேருக்கும் ஒரே மெஷின்தான் பொருந்தும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அளந்து பார்த்தபோது கீழ்வீட்டுக்கு ஒன்றும் மேல்வீட்டுக்கு வேறொன்றும் சரியாக வந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன். தண்ணீரின் கடினத்தன்மையைக் காரணம் காட்டி மெஷினின் வகையைத் தீர்மானிப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. வாங்கிய மெஷினை எப்படி ஓட்ட வேண்டும் என்பதைத்தான் கடினத்தன்மை சொல்லும். எந்த மெஷினை வாங்குவது என்பதை டேங்கின் உயரமும், மூடி திறக்க இருக்கும் இடமும் சொல்லும்.

முதலில் தண்ணீர். "அண்ணா, டி.டி.எஸ். ஆயிரத்து நானூறு காட்டுது. இந்தத் தண்ணியில எந்த மெஷின் வெச்சாலும் போயிடும்ல?" என்று கேட்டாள். ஆர்.ஓ. சர்வீஸ் செய்ய வந்தவர் பேனா போன்ற மீட்டரைத் தண்ணீரில் முக்கிச் சொன்ன எண் அது. அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்து மதிப்பிடுகிறது. சமையல் உப்பு கரைந்திருந்தாலும் எண் ஏறும். ஆனால் சமையல் உப்பு ஹீட்டரில் வெள்ளையாகப் படியாது, சோப்பின் நுரையையும் பெரிதாகக் கெடுக்காது. துணிக்கும் மெஷினுக்கும் தொல்லை தருபவை கால்சியமும் மக்னீசியமும்தான். அவற்றின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். கடலோரப் பகுதியில் டி.டி.எஸ். மிக அதிகமாகவும் கடினத்தன்மை நடுத்தரமாகவும் இருக்கிற கிணறுகள் உண்டு. ஆகவே டி.டி.எஸ். எண்ணை வைத்துக்கொண்டு மெஷினைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

கடினத்தன்மையை வீட்டிலேயே அளக்கலாம். மீன் தொட்டி சாமான் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் சொட்டு மருந்து போன்ற ஒரு சோதனைக் கிட் கிடைக்கிறது. சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, முதலில் நிறம் தரும் திரவத்தைச் சேர்த்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். பிறகு இரண்டாவது திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். இளஞ்சிவப்பு முழுக்க நீலமாக மாற எத்தனை சொட்டு பிடித்தது என்று எண்ணி, ஒரு சொட்டுக்கு எத்தனை மில்லிகிராம் என்று டப்பாவில் போட்டிருப்பதால் பெருக்கினால் விடை வந்துவிடும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம். அந்த வீட்டில் கிட் காட்டியது லிட்டருக்குச் சுமார் 550 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை 200 மில்லிகிராம் வரை இருப்பதை விரும்புகிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. அதாவது இந்த வீட்டுத் தண்ணீர் மேல் எல்லையை ஒட்டி நிற்கிறது. மே மாதத்தில் நிலத்தடி நீர் இறங்கும்போது எண் இன்னும் ஏறலாம், நல்ல மழைக்குப் பிறகு குறையலாம்.

இப்போது கடைக்காரரின் அறிவுரைக்கு வருவோம். ஃப்ரண்ட் லோடு உப்புத் தண்ணீரைத் தாங்காது என்பதற்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் டிரம்முக்கு அடியில் ஹீட்டர் உண்டு. டாப் லோடில் பல மாடல்களில் ஹீட்டர் கிடையாது. கடின நீரைச் சூடாக்கினால் அதில் பைகார்பனேட்டாக இருக்கும் கால்சியம் சுண்ணாம்பாகப் பிரிந்து, சூடான உலோகத்தின் மேல் ஓடு போல ஒட்டிக்கொள்ளும். கெய்சரைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். இதைப் பார்த்த சர்வீஸ்காரர்தான் ஃப்ரண்ட் லோடு வேண்டாம் என்கிறார். அவர் பார்த்தது பொய்யில்லை.

ஆனால் கெய்சருக்கும் மெஷினுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கெய்சரில் போகிற ஒவ்வொரு லிட்டரும் சூடாகிறது. ஃப்ரண்ட் லோடில் சோப்பு போட்டுத் துவைக்கும் முதல் கட்டத் தண்ணீர் மட்டுமே சூடாகும். அது ஏறத்தாழ 15 முதல் 20 லிட்டர். அலசும் தண்ணீர் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர்தான். லிட்டருக்கு 550 மில்லிகிராம் என்றால் 18 லிட்டரில் இருக்கும் மொத்தக் கடினத்தன்மையே சுமார் 10 கிராம். அதிலும் சூடாக்கினால் படிவது பைகார்பனேட் பங்கு மட்டும்தான். குளோரைடாகவும் சல்பேட்டாகவும் இருக்கும் பங்கு துவைக்கும் சூட்டில் கரைந்தேதான் இருக்கும். படிகிற பங்கிலும் எல்லாம் ஹீட்டரில் ஒட்டாது, பெரும்பகுதி அழுக்குத் தண்ணீரோடு வெளியேறிவிடும். தவிர, ஃப்ரண்ட் லோடில் குளிர்ந்த தண்ணீர் என்ற தேர்வு இருக்கிறது. அதை வைத்து ஓட்டும் நாளில் ஹீட்டர் வேலையே செய்யாது. நம் ஊரில் டேங்க் தண்ணீர் பல மாதங்களுக்கு 30 டிகிரிக்குக் குறையாமல்தான் இருக்கிறது. அன்றாடத் துணிக்கு அதுவே போதும். வாரத்தில் ஒரு முறை படுக்கை விரிப்புக்கும் துண்டுக்கும் மட்டும் 40 டிகிரியோ 60 டிகிரியோ வைத்துக்கொண்டால், ஹீட்டரில் சேரும் சுண்ணாம்பு சில மாதங்களுக்கு ஒருமுறை சிட்ரிக் அமிலத்தால் கரைத்துவிடக்கூடிய அளவில்தான் இருக்கும்.

அறிவுரையின் மறுபாதியைக் கடையில் யாரும் சொல்வதில்லை. டாப் லோடு துணி முழுகும் அளவுக்குத் தண்ணீர் எடுத்துத் துவைக்கும். ஏழு கிலோ அளவு மெஷினில் சோப்பு போடும் கட்டத்துக்கே 45 முதல் 50 லிட்டர் போகும். அலசலையும் சேர்த்தால் ஒரு முறை துவைக்க 120 லிட்டருக்கு மேல் ஆகலாம். ஃப்ரண்ட் லோடு அதே துணியை 50 முதல் 70 லிட்டரில் முடிக்கும். தண்ணீர் மிச்சம் என்று மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. டிடர்ஜென்ட் பவுடர் தண்ணீரில் விழுந்ததும் அதன் ஒரு பகுதி முதலில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போடுவதில் செலவாகிறது. மிச்சம்தான் அழுக்கைப் பார்க்கும். ஃப்ரண்ட் லோடில் அது சமாளிக்க வேண்டியது 10 கிராம் கடினத்தன்மை. டாப் லோடில் 48 லிட்டர் என்று வைத்தால் 26 கிராம். இந்த வீட்டுத் தண்ணீரில் டாப் லோடு வாங்குகிறவர் மாதாமாதம் கூடுதல் பவுடருக்குச் செலவழிக்கிறார், அல்லது சாயம் மங்கிய துணியோடு வாழ்கிறார்.

அலசல் முடிந்து துணி பிழியப்படும் இடத்திலும் இதே கதைதான். ஃப்ரண்ட் லோடு நிமிடத்துக்கு 1,000 முதல் 1,400 சுற்று வரை சுழன்று பிழியும். டாப் லோடு பெரும்பாலும் 700 சுற்றை ஒட்டி நிற்கும். துணியில் தங்கிய தண்ணீர் கொடியில் ஆவியாகும்போது அதிலிருந்த உப்பெல்லாம் நூலிலேயே தங்கிவிடும். துண்டு அட்டை போல விறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நன்றாகப் பிழிந்த துணியில் தங்கும் உப்பும் குறைவு. ஆக, ஹீட்டர் என்ற ஒரே இடத்தில் கடின நீர் ஃப்ரண்ட் லோடைத் தாக்குகிறது. மற்ற இடங்களில் டாப் லோடுதான் அதிகம் பாதிக்கப்படுகிறது. டாப் லோடிலும் படிவு இல்லாமல் இல்லை. துணி சுழலும் எஃகு டிரம்முக்கும் வெளியே இருக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும் நடுவில் உள்ள இடுக்கில், சோப்பும் சுண்ணாம்பும் அழுக்கும் சேர்ந்த சேறு நம் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். ஒரு நாள் அது சாம்பல் நிறச் செதிலாக உதிர்ந்து கறுப்புச் சட்டையில் ஒட்டும்போதுதான் தெரியவரும்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டு வீட்டுக்கும் ஃப்ரண்ட் லோடுதான் என்று தோன்றும். கீழ்வீட்டுக்கு அது சரி. மேல்வீட்டில் ஆசிரியை அதே முடிவை எடுத்திருந்தால் மெஷின் தண்ணீர் வராமல் பாதியில் நின்றிருக்கும்.

காரணம் டேங்கின் உயரம். குழாயில் தண்ணீர் வரும் அழுத்தம், டேங்க் குழாயைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரம் இருந்தால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். அந்த வீட்டில் ஒரு தளத்தின் உயரம் 3 மீட்டர். மொட்டைமாடியில் செங்கல் மேடை கட்டி டேங்கை 1 மீட்டர் தூக்கி வைத்திருக்கிறார்கள். மெஷினுக்கான குழாய் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாடி வீட்டின் குழாயிலிருந்து டேங்கின் அடிப்பகுதி வரை கணக்கிட்டால் 3 மீட்டர்தான். அதாவது 0.3 பார். கீழ்வீட்டில் இன்னொரு தளம் சேர்வதால் 6 மீட்டர், 0.6 பார். இது தண்ணீர் நிற்கும்போது இருக்கும் அழுத்தம். ஓடத் தொடங்கியதும் வளைவுகளிலும் வால்வுகளிலும் இன்னும் குறையும். பழைய குழாயில் சுண்ணாம்பு படிந்து உள்விட்டம் சுருங்கியிருந்தால் மேலும் குறையும். ஃப்ரண்ட் லோடு மெஷின்களின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் மாடலுக்கு ஏற்றபடி 0.3 பாரிலிருந்து 1 பார் வரை போட்டிருக்கும். குறித்த நேரத்துக்குள் தண்ணீர் நிறையாவிட்டால் மெஷின் பீப் அடித்து, திரையில் ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அழுத்தம் மிகக் குறைந்த வீடுகளுக்கென்றே செய்த மாடல்கள் டாப் லோடில் சுலபமாகக் கிடைக்கின்றன.

இதைத் தெரிந்துகொள்ள அழுத்தமானி வேண்டியதில்லை. மெஷின் வைக்கப்போகும் குழாயையே முழுக்கத் திறந்து 10 லிட்டர் வாளியை நிரப்பிப் பாருங்கள். டேங்க் முக்கால்வாசி காலியாக இருக்கும் நேரத்தில், பாத்ரூம் குழாய் ஒன்றும் திறந்திருக்கும்போது பார்த்தால்தான் நிஜ நிலைமை தெரியும். ஒன்றேகால் நிமிடத்துக்குள் நிரம்பினால் நிமிடத்துக்கு 8 லிட்டர் வருகிறது, பெரும்பாலான மெஷின்களுக்கு அது போதும். கீழ்வீட்டு வாளி 50 நொடியில் நிரம்பியது. மேல்வீட்டில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆனது. பிரஷர் பம்ப் ஒன்றைப் பொருத்தி மேல்வீட்டிலும் ஃப்ரண்ட் லோடு வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் வாடகை வீட்டில், மொட்டைமாடிக் குழாயை வெட்டிப் பம்ப் பொருத்துவதை ஆசிரியை விரும்பவில்லை. அது நியாயமான முடிவு. தவிர, ஃப்ரண்ட் லோடுக்குள் அதிர்வைத் தாங்க காங்கிரீட் எடைக்கட்டிகள் இருப்பதால் அது 60 கிலோவை ஒட்டிய கனம். வீடு மாறும்போதெல்லாம் டிரம்மை அசையாமல் பூட்டும் போல்ட்டுகளைத் திரும்பப் பொருத்தித்தான் தூக்க வேண்டும். புது வீட்டில் அவற்றைக் கழற்ற மறந்து ஓட்டினால் மெஷின் நகர்ந்து சுவரில் மோதும் அளவுக்கு ஆடும். டாப் லோடு 30, 40 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

அடுத்தது இடம். சர்வீஸ் ஏரியா 3 அடி அகலம், நாலரை அடி நீளம். சென்டிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 90க்கு 135. சமையலறைக் கதவு ஒரு குறுகிய பக்கத்தில், குழாயும் தண்ணீர் போகும் வழியும் எதிர்ப்பக்கத்தில். கடையில் எல்லோரும் மெஷினின் அகலத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். ஃப்ரண்ட் லோடு 60 செ.மீ. அகலம் என்றதும் 90க்குள் அடங்கிவிடும் என்று முடிவாகிறது. ஆனால் அதன் உடல் ஆழம் 55 என்றால், பின்னால் தண்ணீர்க் குழாயும் வெளியேற்றக் குழாயும் மடங்காமல் இருக்க 10 செ.மீ. விட வேண்டும். 135இல் 65 போய்விட்டது. மிச்சம் 70 செ.மீ. அந்த 70க்குள்தான் வட்டக் கதவு திறக்க வேண்டும், ஒருவர் குனிந்தோ குந்தியோ துணியை எடுக்க வேண்டும், பக்கெட்டையும் வைக்க வேண்டும். என் சித்தி மகளுக்கு அது போதுமாக இருந்தது. முழங்கால் வலி இருப்பவர்கள் வீட்டில் இதை ஒரு முறை காலி இடத்தில் குனிந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

வட்டக் கதவு பெரும்பாலும் இடப்பக்கக் கீலில் திறக்கும். மெஷினை இடச் சுவரை ஒட்டி வைத்தால் கதவு பாதிதான் திறக்கும். ஆகவே மிச்சமிருக்கும் 30 செ.மீ. இடைவெளியை இடப்பக்கம் விட்டு, மெஷினை வலச் சுவர்ப் பக்கம் தள்ளி வைக்கச் சொன்னேன். இன்னொன்று, துவைத்து முடித்த பிறகு ஃப்ரண்ட் லோடின் கதவை மூடி வைக்கக் கூடாது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் கேஸ்கட்டின் மடிப்பில் தண்ணீர் தங்கும். சென்னைப் புழுக்கத்தில் அங்கே சில வாரங்களிலேயே கறுப்புப் பூஞ்சை பிடித்துவிடும். துடைத்துவிட்டுக் கதவை ஒருக்களித்து வைக்க வேண்டும். நடைபாதையின் குறுக்கே மெஷின் இருக்கும் வீட்டில் இது நடக்கிற காரியமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். யாராவது இடித்துக்கொண்டு கதவை மூடிவிடுவார்கள். அடுத்த மாதம் துணியில் நாற்றம் வரும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் திறந்த கதவு ஆபத்தும்கூட, அதனால் சர்வீஸ் ஏரியாக் கதவைத் தாழிட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மேல்வீட்டில் டாப் லோடுக்குத் தரையில் இடம் தாராளமாகவே இருந்தது. சிக்கல் மேலே இருந்தது. மெஷினின் உயரம் 95 செ.மீ. மூடியைத் தூக்கினால் 130, 140 வரை போகும். சுவரில் 4 அடி உயரத்தில், அதாவது 122 செ.மீ. உயரத்தில், டப்பாக்கள் வைக்க ஒரு பலகை இருந்தது. குழாயும் மெஷினுக்கு நேர் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டுமே மூடியை முழுதாகத் திறக்கவிடாது. பலகையை 5 அடிக்கு ஏற்றி, குழாயை ஒரு முழம் பக்கவாட்டில் நகர்த்தினார்கள். வீட்டுக்காரியே பக்கத்தில் நின்று சம்மதம் சொன்னதால் வேலை சுலபமாக முடிந்தது.

சமையலறை மேடைக்கு அடியில் ஃப்ரண்ட் லோடைச் செருகிவிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் மேடையின் அடிப்பக்க உயரத்தை அளந்துகொள்ள வேண்டும். மெஷினின் உயரம் பொதுவாக 85 செ.மீ. நம் வீட்டு மேடைகள் பல அதைவிடத் தாழ்வானவை. மின்சாரத்துக்கும் ஒரு வார்த்தை. ஹீட்டர் உள்ள மெஷின் 2,000 வாட் வரை இழுக்கும், 15 ஆம்பியர் பிளக் வேண்டும். சர்வீஸ் ஏரியாவில் சின்ன 5 ஆம்பியர் பாயின்ட் மட்டும் இருந்தால், மெஷின் வரும் முன்னரே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள். வெளியேற்றக் குழாயிலும் வேறுபாடு உண்டு. ஃப்ரண்ட் லோடு பம்ப் வைத்துத் தண்ணீரை வெளியேற்றுவதால் அதன் குழாயைத் தரையிலிருந்து 60 செ.மீ.க்கு மேல் தூக்கி மாட்ட வேண்டும். தரையோடு போட்டால் மெஷினுக்குள் வரும் தண்ணீர் தானாகவே வழிந்து ஓடிவிடும். பம்ப் இல்லாத டாப் லோடுக்கு நேர்மாறாக, குழாய் தரையோடு தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் வடியும்.

மெஷின் வாங்கும்போது கூடவே ஒரு பொருளை விற்கப் பார்ப்பார்கள். குழாயில் திருகிப் பொருத்தும் உருளை, 'வாட்டர் சாஃப்ட்னர்' என்று பெயர். இதில் இரண்டு வகை உண்டு. பெரும்பாலானவற்றுக்குள் கண்ணாடிக் கோலி போல இருப்பவை பாலிபாஸ்பேட் உருண்டைகள். இவை கடினத்தன்மையைத் துளியும் குறைப்பதில்லை. சுண்ணாம்பு கெட்டியாக ஒட்டாமல் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். பொருத்திய பிறகு சொட்டுக் கிட்டில் அளந்தால் அதே 550ஐ ஒட்டித்தான் காட்டும். சூடான தண்ணீர் பயன்படுத்துகிறவருக்கு இது ஓரளவு உதவும். குளிர்ந்த தண்ணீரில் மட்டுமே துவைக்கிறவருக்குத் தேவையில்லை.

இரண்டாவது வகையில் ரெசின் மணிகள் இருக்கும். அவை நிஜமாகவே கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் 50 கிராமை ஒட்டிய கடினத்தன்மையைப் பிடிக்கும். குழாயில் தொங்கும் உருளைக்குள் அரை லிட்டர் ரெசின் இருந்தால் 25 கிராம். கீழ்வீட்டு ஃப்ரண்ட் லோடு ஒரு முறை துவைக்க எடுக்கும் 60 லிட்டரில் 33 கிராம் இருக்கிறது. ஒரு முறை துவைத்து முடிக்கும் முன்பே ரெசின் தீர்ந்துவிடும். உப்புக் கரைசலை ஊற்றி மறுபடி உயிர்ப்பித்தால்தான் வேலை செய்யும், அதைத் தினமும் யாரும் செய்யப் போவதில்லை. வீட்டுக்கு மொத்தமாக வைக்கும் பெரிய சாஃப்ட்னர் வேறு விஷயம், அது உண்மையான தீர்வு. ஆனால் அதற்கு இடமும், பம்பும், மாதந்தோறும் உப்பு மூட்டையும் வேண்டும். மேல்வீட்டில் சின்ன உருளையைக்கூடப் பொருத்த வேண்டாம் என்றேன். ஏற்கெனவே தள்ளாடும் அழுத்தத்தை அது இன்னும் குறைத்துவிடும். போர் மணலைத் தடுக்க, மெஷினோடு வரும் குழாயின் வாயில் இருக்கும் சின்ன வலையே போதும். அதை மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவினால் சரி.

பவுடர் விஷயத்தில் நுரையை நம்பாதீர்கள். கடின நீரில் நுரை குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்து அள்ளிப் போட்டால் மிச்சமாகும் பவுடர் துணியில் தங்கும். டப்பாவில் கடின நீருக்கென்று கொடுத்திருக்கும் அளவைப் போட்டால் போதும். ஃப்ரண்ட் லோடுக்கு அதற்கென விற்கும் குறைந்த நுரைப் பவுடர்தான் போட வேண்டும். துவைத்த துணியில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது எதனால் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. திட்டை வெறும் தண்ணீரில் தேய்த்துப் பாருங்கள். கரைந்து போனால் அது கரையாமல் தங்கிய பவுடர். அடுத்த முறை பவுடரைக் குறைத்து, முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி ஊற்றினால் சரியாகிவிடும். தண்ணீருக்கு அசையாமல், ஒரு சொட்டு வினிகருக்கு மறைந்தால் அது சுண்ணாம்பு. சோடா அதிகமுள்ள மலிவான பவுடர்கள் கடின நீரில் துணியின் மேலேயே சுண்ணாம்பைப் படியவைக்கும். அப்போது அளவைக் குறைப்பதில் பயனில்லை, பவுடரைத்தான் மாற்ற வேண்டும்.

சுண்ணாம்பை எடுக்கச் சிட்ரிக் அமிலம் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கிடைக்கும். ஒரு கிராம் சுண்ணாம்பைக் கரைக்க ஒன்றேகால் கிராமுக்குச் சற்று மேல் தேவை. கீழ்வீட்டு ஃப்ரண்ட் லோடில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, துணி போடாமல் டிரம்மில் 100 கிராம் போட்டு 60 டிகிரியில் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் சூடு வைத்தால் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு படிவு உண்டாகலாம். மெஷினுக்குள் அமிலத்தை இரவு முழுக்க ஊறவைக்கவும் கூடாது. டிரம்மைப் பின்பக்கம் தாங்கும் அலுமினியச் சட்டத்தை அது அரிக்கும். இடையில் 40 டிகிரியில் துவைக்கும் நேரம் முன்பைவிட நீண்டுகொண்டே போனாலோ, கதவுக் கண்ணாடி வெகுநேரம் சூடேறாமல் இருந்தாலோ, ஹீட்டரில் ஓடு கட்டத் தொடங்கிவிட்டது என்று அறிந்து முன்கூட்டியே செய்யலாம். ஹீட்டர் ஓடத் தொடங்கும் நேரத்தில் வீட்டின் மின்பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்தால் மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். ஹீட்டரின் உறை வெடித்திருக்கலாம், சர்வீஸ்காரர் வந்து பார்க்கும்வரை பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

மேல்வீட்டு டாப் லோடில் ஹீட்டர் இல்லை. அங்கே படிவு தொட்டியின் மேல் விளிம்பு வரை இருப்பதால் தண்ணீரை உச்ச அளவுக்கு நிரப்ப வேண்டும். அவ்வளவு தண்ணீரில் 100 கிராம் நீர்த்துப் போய்விடும். 250 கிராம் போட்டு, இரண்டு பக்கெட் வெந்நீரையும் கலந்து, சில நிமிடம் சுழலவிட்டு ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து, பிறகு முழுச் சுற்றும் ஓட்டினால் இடுக்கில் இருக்கும் சேறு செதில் செதிலாக வெளியே வரும். முதல் முறை வடிகாலில் அது அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மெஷினிலும் ஒரே எச்சரிக்கை: சிட்ரிக் அமிலம் போடும் நாளில் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ மெஷின் பக்கமே போகக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளியாகும். 3 அடி அகல சர்வீஸ் ஏரியாவில், கதவை மூடிக்கொண்டு நிற்பவருக்கு அது மூச்சை அடைக்கும்.